மெயிலில் விடுபடும் பெயர்: சத்தமில்லாமல் ஒதுக்கும் சக ஊழியரைப் புகாருக்கு முன் கையாளும் முறை

திட்டுவதில்லை, கத்துவதில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் உங்களுக்கு வர வேண்டிய மெயில் வருவதில்லை. கூட்டம் 3 மணியிலிருந்து 2 மணிக்கு மாறியது உங்களுக்கு மட்டும் தெரிவதில்லை. நீங்கள் கேட்ட கேள்வி காற்றில் போகிறது, அதே கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் உடனே பதில் வருகிறது. வெளியே சொன்னால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பார்கள். உங்களுக்கே அந்தச் சந்தேகம் வரும்.

இது விஷயம்தான். வேலையிடக் கொடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் கேள்விப் பட்டியல் ஒன்று நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டோலே ஐனார்சன் குழுவினர் உருவாக்கியது. அதில் 22 கேள்விகள். முதல் கேள்வியே, உங்கள் வேலையைப் பாதிக்கும் தகவலை யாராவது உங்களிடமிருந்து மறைக்கிறார்களா என்பதுதான். கண்டுகொள்ளாமல் விடுவது, ஒதுக்குவது பற்றியும் அதே பட்டியலில் கேள்வி உண்டு. கத்துவதோடும் மிரட்டுவதோடும் இவற்றையும் சேர்த்தே அவர்கள் எண்ணுகிறார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உங்களுக்குச் சமமான நிலையில் இருக்கும் ஒருவர், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டே உங்களை நெருக்குவது. இதன் பலமே அந்த 'செய்யாமல் விடுவதில்' இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "மறந்துட்டேன்" என்று சொல்லித் தப்பிவிடலாம். அதனால் அவருடைய கெட்ட எண்ணத்தை நிரூபிக்கக் கிளம்பினால் நீங்கள் தோற்பீர்கள். அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குச் சாட்சி கிடையாது. விடுபட்ட பொருளைக் கேட்டால் நிலைமை மாறும். மெயில் வந்ததா இல்லையா, அழைப்பு வந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடம் குறைவு. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

முதலில் எண்ணுங்கள், மூன்று வாரம்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குழுவில் ஐந்து பேர். ஒருவர் ஒவ்வொரு வியாழனும் வாராந்திர அறிக்கை தயாரிக்கிறார். அதற்கான விற்பனை எண்களை இன்னொருவர் புதன் மாலைக்குள் தர வேண்டும். இருவரும் ஒரே நிலை, ஒரே மேலாளர். சில மாதங்களாக எண்கள் வியாழன் மதியம்தான் வருகின்றன. அறிக்கை தாமதமாகிறது, பெயர் கெடுவது அறிக்கை தயாரிப்பவருக்கு. வாடிக்கையாளருடன் நடக்கும் கூட்டங்களுக்கான அழைப்பிலும் அவர் பெயர் அடிக்கடி இல்லை. அழைப்பு அனுப்புவது எண்கள் தருபவர்.

ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். நடந்த அன்றே, வீடு திரும்புவதற்கு முன், இரண்டு மூன்று வரி போதும். தேதி, நேரம், என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, வேலைக்கு என்ன ஆயிற்று, யார் அங்கே இருந்தார்கள். மேலே சொன்னவரின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"5-ஆம் தேதி, புதன். மாலை 5 மணிக்குள் எண்கள் வர வேண்டும். வரவில்லை. 5.20-க்கு மெயில் அனுப்பிக் கேட்டேன், பதில் இல்லை. வியாழன் பகல் 12.40-க்கு வந்தது. அறிக்கை 11 மணிக்குப் பதில் மதியம் 2.30-க்குப் போனது."

இதே நிகழ்வை, "வேண்டுமென்றே என்னை மாட்டிவிட மறுபடியும் தாமதம் செய்தான்" என்று எழுதினால் அந்த வரி பிற்பாடு எதற்கும் உதவாது. கோபத்தைக் கொட்ட வேண்டும் என்றால் வேறு தாளில் கொட்டுங்கள். குறிப்பேட்டில் இருப்பதை யாரிடமும் அப்படியே நீட்டும்படி இருக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் அடுத்தது. விடுபட்ட தடவைகளை மட்டும் எழுதுவார்கள், சரியாக நடந்த தடவைகளை எழுத மாட்டார்கள். "நான்கு கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை" என்றால் ஒன்றும் விளங்காது. மொத்தம் எத்தனை கூட்டம்? உங்களோடு வேறு யாரையும் விட்டார்களா? மூன்று வாரத்தில் ஆறு கூட்டம், நான்கில் உங்கள் பெயர் இல்லை, குழுவில் மற்ற எல்லோர் பெயரும் ஆறிலும் இருந்தது என்றால் அது தெளிவான படம். மற்றவர்களும் ஆளுக்கு இரண்டு மூன்று கூட்டத்துக்கு விடுபட்டிருக்கிறார்கள், எண்களும் எல்லோருக்கும் தாமதமாகத்தான் போகின்றன என்றால், அவர் ஒழுங்கில்லாத ஆள். அதற்கும் தீர்வு வேண்டும். ஆனால் அது கொடுமைப்படுத்தல் அல்ல, பேச்சும் வேறு மாதிரி தொடங்க வேண்டும்.

இந்தத் துறையில் முன்னோடியான ஹைன்ஸ் லேமன், சுவீடனில் செய்த ஆய்வுகளில், வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் அதைக் கொடுமை என்று வகைப்படுத்தினார். அது ஆய்வுக்கான அளவுகோல். ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உண்மையில் ஒதுக்கல் இறுகிப்போவதற்கு முன், முதல் சில வாரங்களில் பேசுவதே சுலபம். குழுவில் மற்றவர்களும் உங்களை ஒதுக்குவதை வழக்கமாக்கிக்கொண்டால், ஒருவரோடு பேசித் தீர்க்கும் கட்டம் தாண்டிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அலுவலக மெயில்களை உங்கள் சொந்த முகவரிக்கு மொத்தமாக அனுப்பிச் சேர்க்காதீர்கள். பல நிறுவனங்களில் அதுவே விதிமீறல், பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். மெயிலின் தேதி, நேரம், தலைப்பைக் குறித்தால் போதும், தேவைப்படும்போது அதை எடுக்க முடியும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யவும் வேண்டாம். பல இடங்களில் அது சட்டச் சிக்கல். சிக்கல் இல்லாத இடத்திலும், தெரியவந்த அன்று பேசித் தீர்க்கும் வாய்ப்பு முடிந்துவிடும்.

நேரில் பேசுவது: பத்து நிமிடம், இரண்டு நிகழ்வு, ஒரு கோரிக்கை

எடுத்த எடுப்பில் மேலாளரிடம் போகலாமா என்று தோன்றும். ஆபத்தில்லை என்று தெரிந்தால், முதலில் அந்தச் சக ஊழியரிடமே பேசுவது நல்லது. நேரில் சொல்லாமல் மேலே போனதாகத் தெரிந்தால் அதுவே அவருக்குக் குறையாகக் கிடைத்துவிடும். பின்னாளில் புகார் கொடுத்தாலும், "அவரிடம் சொல்லிப் பார்த்தீர்களா?" என்பது முதலில் வரும் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.

எப்போது பேசுவது என்பதில் கவனம் வேண்டும். விடுபட்ட அன்றே, கொதித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். ஓரிரு நாள் கழித்து, அவருக்கு வேலை நெருக்கடி இல்லாத நேரம் பாருங்கள். மற்றவர்கள் காதில் விழாத, ஆனால் கதவு மூடிய தனியறை போல இல்லாத இடம் பொருத்தம். முன்கூட்டியே ஒரு வரி சொல்லுங்கள்: "வாராந்திர அறிக்கை விஷயமா ஒரு பத்து நிமிஷம் பேசணும், நாளைக்குக் காலைல முடியுமா?" இந்த ஒரு வரி, மடக்கிவிட்டார்கள் என்ற உணர்வை அவருக்குக் கொடுக்காது.

குறிப்பேட்டில் பன்னிரண்டு நிகழ்வு இருக்கலாம். இரண்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், சமீபத்தில் நடந்தவை, உங்கள் வேலையை நேரடியாகத் தொட்டவை. பன்னிரண்டையும் அடுக்கினால் அவர் அதில் ஆகப் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே உடைப்பார், மற்ற பதினொன்றும் அதோடு போய்விடும்.

சொல்லும் வரிசை இது: எப்போது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும்.

"போன ரெண்டு வாரமும் எண்கள் வியாழக்கிழமை மதியம்தான் எனக்கு வந்துச்சு. அறிக்கை மூணு மணி நேரத்துக்கு மேல லேட் ஆயிடுச்சு. பத்தாம் தேதி வாடிக்கையாளர் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பு வரல, நான் போகாததால அவங்க கேட்ட மாற்றம் அறிக்கையில வரல. இனிமே எண்கள் புதன் அஞ்சு மணிக்குள்ள எனக்கு வேணும். அந்தக் கூட்டத்தோட அழைப்பில என் பேரும் இருக்கணும். உங்க பக்கம் இதுல ஏதாவது சிரமம் இருந்தா சொல்லுங்க."

'எப்பவும்', 'வேணும்னே', 'எல்லாரும் சொல்றாங்க' ஆகிய மூன்றும் இந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை என்பதைப் பாருங்கள். முதலாவதை ஒரே ஒரு எதிர் உதாரணத்தால் உடைத்துவிடலாம். இரண்டாவது அவர் மனதைப் பற்றிய குற்றச்சாட்டு. மூன்றாவது, "யார் சொன்னா?" என்று பேச்சை வேறு பக்கம் இழுத்துவிடும்.

கடைசி வரி முக்கியம். அவர் பக்கத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கலாம். எண்கள் அவருக்கே தாமதமாக வருகிறதோ, முன்பு நீங்கள் ஒரு கூட்டத்தில் அவர் பிழையை எல்லோர் முன்னும் சுட்டிக்காட்டி அது அவருக்குள் புண்ணாகக் கிடக்கிறதோ தெரியாது. இரண்டாவது என்றால் வருத்தம் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவியுங்கள். ஆனால் அதை எண்கள் வருவதற்கு விலையாகக் கொடுக்காதீர்கள். இரண்டும் தனித்தனி விஷயம்: "அன்னைக்கு அப்படி எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு, வருத்தப்படறேன். எண்கள் மட்டும் புதன்கிழமையே வேணும்."

"அப்படியா, கவனிக்கல" என்பார் சிலர். அதை நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே தேவையில்லை. "சரி, இனிமே புதன் அஞ்சு மணி" என்று முடித்துவிடுங்கள். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது அவருக்கு நீங்கள் கொடுக்கும் வழி. அந்த வழியில் அவர் திருந்திப் போனால் உங்களுக்கு வேலை முடிந்தது.

"நீங்க எல்லாத்தையும் பெருசா எடுத்துக்கறீங்க" என்றால் உங்கள் சுபாவத்தைப் பற்றி விவாதிக்க உட்காராதீர்கள். "இருக்கலாம். அறிக்கை லேட் ஆனது உண்மை, அதுக்கு என்ன பண்ணலாம்?" என்று பொருளுக்குத் திரும்புங்கள். ஒரே பேச்சில் இரண்டு தடவை நீங்கள் பொருளுக்குத் திரும்பியும் அவர் வரவில்லை என்றால், "சரி, நான் கேட்க வந்ததைச் சொல்லிட்டேன்" என்று எழுந்துவிடலாம். ஒத்துக்கொள்ள வைப்பது இந்தப் பேச்சின் நோக்கம் அல்ல. கேட்டது கேட்டதாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்றே ஒரு சிறு மெயில்

பேசி முடித்த அன்றே நான்கைந்து வரி எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் போலத் தொனிக்கக் கூடாது.

"காலையில் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பேசியபடி, எண்கள் இனி புதன் மாலை 5 மணிக்குள் எனக்கு வரும். வாடிக்கையாளர் கூட்ட அழைப்பில் என் பெயரும் இருக்கும். தாமதமாகும் என்று தெரிந்தால் 4 மணிக்குள் ஒரு வரி சொல்லிவிட்டால் நான் அறிக்கையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன். நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்."

மேலாளரைச் சிசி-யில் போடாதீர்கள். போட்டால் இது மறைமுகப் புகாராகிவிடும், பேசியதெல்லாம் நாடகம் என்று அவருக்குப் படும். பிசிசி இன்னும் மோசம். அவர் மேலாளரிடம் பேசும்போது ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிடும். இந்த மெயிலுக்குப் பதிலே வராமல் போகலாம். பரவாயில்லை. மறுப்பு வராத மெயில், தேதியோடு உங்களிடம் இருக்கிறது.

அவர் கையில் இருக்கும் குழாயைப் பொதுக் குழாயாக்குங்கள்

பேச்சைவிட இந்தப் படிதான் நெடுநாள் நிற்கும். ஒருவர் உங்களைத் தகவலிலிருந்து ஒதுக்க முடிகிறது என்றால், அந்தத் தகவல் அவர் கை வழியாக மட்டும் உங்களுக்கு வருகிறது என்று அர்த்தம். அந்த ஒற்றை வழியை மாற்றினால் ஒதுக்குவதற்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சாது.

நம் உதாரணத்தில், எண்களைத் தனி மெயிலில் அனுப்பாமல் குழுவின் பொதுக் கோப்பில் போடும்படி ஏற்பாடு செய்யலாம். யார் எப்போது போட்டார்கள் என்பது கோப்பின் வரலாற்றிலேயே தெரியும். அழைப்பில் ஒவ்வொரு பெயராகச் சேர்ப்பதற்குப் பதில், குழு முழுவதற்குமான ஒரே முகவரியைப் பயன்படுத்தச் சொல்லலாம். அப்போது ஒருவரை விட வேண்டும் என்றால் மெனக்கெட்டுத்தான் விட வேண்டும், அது எல்லோர் கண்ணிலும் படும். கூட்டக் குறிப்புகளை எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டால் கூட்டம் எப்போது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இதைக் குழுக் கூட்டத்தில் பொது யோசனையாக வையுங்கள்: "எண்கள் எல்லாருக்கும் ஒரே இடத்துல கிடைச்சா தேடற வேலை மிச்சம்." யார் பெயரும் வர வேண்டாம். எந்தக் காரணமும் சொல்லாமல் இந்த ஏற்பாட்டை ஒருவர் மட்டும் தொடர்ந்து எதிர்த்தால், அதையும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. தகவலை மறைப்பதற்கு இது மருந்து. வணக்கம் சொன்னால் முகம் திருப்புவது, நீங்கள் வந்ததும் பேச்சை நிறுத்துவது போன்றவற்றுக்கு எந்தப் பொதுக் கோப்பும் உதவாது. வேலையைத் தொடாத அந்த மௌனத்தைப் பேச்சால் வென்றுவிடலாம் என்றும் எதிர்பார்க்காதீர்கள். உங்களோடு சிநேகமாக இருக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. வேலைக்குத் தேவையானதைத் தரச் சொல்லிக் கேட்கலாம். வேதனையாகத்தான் இருக்கும். அந்த வேதனையைச் சுமக்க குழுவுக்கு வெளியே ஒருவர் வேண்டும். குழுவுக்குள் ஆள் சேர்த்தால் அது இரண்டு கட்சியாகும், பிறகு ஒதுக்குவது யார் என்பதே குழம்பிவிடும்.

அடுத்த நான்கு வாரம்

மறுபடி எண்ணுங்கள், அதே முறையில். நான்கு புதன்கிழமையில் மூன்றில் நேரத்துக்கு வந்து, ஒன்றில் முன்கூட்டியே சொல்லித் தாமதமானால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் ஒழுங்காக வந்து மூன்றாவது வாரம் பழைய நிலைக்குப் போனால் ஒரு தடவை மட்டும் நினைவூட்டுங்கள், பழைய மெயிலுக்கே பதிலாக ஒரு வரி. அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த படி.

எண்கள் நேரத்துக்கு வருகின்றன, ஆனால் அதில் இரண்டு பத்திகள் குறைகின்றன. அழைப்பு வருகிறது, ஆனால் பேச வேண்டிய கோப்பு இணைக்கப்படவில்லை. இப்படி வடிவம் மாறித் தொடர்வதும் உண்டு. தற்செயலான மறதி இவ்வளவு சமர்த்தாக இடம் மாறாது. இதைக் கண்டால் இன்னொரு நேர்ப்பேச்சு வேண்டாம்.

மேலாளரிடம், வேலைச் சிக்கலாக

இங்கேயும் 'கொடுமைப்படுத்துகிறார்' என்ற சொல்லை முதல் வரியில் வைக்காதீர்கள். அந்தச் சொல் வந்ததும் பல நிறுவனங்களில் மேலாளர் அதை மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கும். அப்புறம் முறைசாரா வழி உங்கள் கையில் இருக்காது. மனிதவளப் பிரிவுக்குப் போவதாக இருந்தால் வாயைத் திறக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "நான் சொல்றது நமக்குள்ள இருக்குமா, இல்ல நீங்க கட்டாயம் நடவடிக்கை எடுத்தாகணுமா?" பதிலைப் பொறுத்து எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யலாம்.

மேலாளரிடம் சொல்ல வேண்டியது மூன்று. எண்ணிக்கை: ஏழு வாரத்தில் எத்தனை தடவை. நீங்கள் செய்தது: பேசிய தேதி, மெயில், பொதுக் கோப்பு யோசனை. கேட்பது: எண்கள் எப்போது யாருக்குப் போக வேண்டும் என்பதை மேலாளரே எழுத்தில் வரையறுக்க வேண்டும். "அவரைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்" என்பதைவிட இந்தக் கோரிக்கையை ஏற்பது மேலாளருக்குச் சுலபம். இனி தவறினால் அது மேலாளரின் உத்தரவை மீறுவதாகும்.

சில மேலாளர்கள் உடனே இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, "பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். சமமான இருவருக்குள் உரசல் என்றால் அது உதவும், அதுவும் நடுவில் இருப்பவர் இருவருக்கும் பொதுவானவராக இருந்தால், முன்னதாக இருவரையும் தனித்தனியே கேட்டிருந்தால். ஒருவர் மற்றவருக்குப் பயப்படும் நிலையில் அது தீங்கு. பயப்படுபவர் அந்த அறையில் எதற்கும் தலையாட்டிவிட்டு வருவார், வெளியே வந்ததும் நிலைமை இன்னும் மோசமாகும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு இடம் உண்டு: "ரெண்டு பேரையும் சேர்த்து இப்ப வேண்டாம். முதல்ல எண்கள் எப்ப வரணும்னு நீங்க எழுதிக் கொடுங்க, மூணு வாரம் பார்ப்போம்."

இந்தப் படிகளைத் தாண்டி நேராகப் புகாருக்குப் போக வேண்டிய இடங்கள்

மிரட்டல், கைவைப்பது, பாலியல் தொல்லை, உங்கள் பிறப்பு, மதம், பாலினம், உடற்குறை இவற்றை வைத்து ஒதுக்குவது ஆகியவற்றில் நேர்ப்பேச்சைத் தொடங்கவே வேண்டாம். 2019-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 190-ஆம் உடன்படிக்கை, வேலையிட வன்முறையும் துன்புறுத்தலும் ஒரே ஒரு முறை நடந்தாலும் அந்த வரையறைக்குள் வரலாம் என்றே சொல்கிறது. எண்ணிக்கை சேரட்டும் என்று காத்திருக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. அந்த ஆள் உங்கள் மேலாளரே என்றாலும் இந்த வழிகாட்டியின் பாதிப் படிகள் பொருந்தாது. உங்கள் தூக்கமும் உடம்பும் கெட்டுவிட்டால் நான்கு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள், அந்தத் தேதியும் குறிப்பேட்டில் ஏறட்டும்.

நீங்கள் பேசிய பிறகு பழிவாங்கல் தொடங்கினால், அதாவது உங்கள் வேலை பறிக்கப்பட்டால், உங்களைப் பற்றி வதந்தி கிளம்பினால், முறைசாரா வழி அங்கேயே முடிந்தது.

புகாருக்குக் காலவரம்பு இருக்கிறதா என்பதை முதல் வாரமே நிறுவனத்தின் விதிப்புத்தகத்திலும் உங்கள் ஊர்ச் சட்டத்திலும் பாருங்கள். பேசித் தீர்க்க முயன்றுகொண்டிருக்கிறீர்கள் என்பதற்காக அந்தக் கெடு பெரும்பாலும் நீளாது. கடைசி நாளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தொடும் நாளில் சிக்கல் தீராமல் இருந்தால், குறிப்பேடு, நீங்கள் அனுப்பிய மெயில்களின் தேதிகள், மேலாளரிடம் கேட்டதற்கு வந்த பதில் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு எழுத்துப் புகாரைத் தொடங்கிவிடுங்கள்.